முதல் பாஸ்போர்ட் எடுக்கப் போகிறீர்களா? கவுன்ட்டரில் நடப்பது இதுதான்

என் தம்பிக்கு முதல் பாஸ்போர்ட், அடுத்து அம்மாவுக்கு. இரண்டு பேருக்கும் கூடவே அலைந்தவன் என்பதால் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் விண்ணப்பிப்பவர்களுக்கான குறிப்பு இது. எந்தச் சேவா கேந்திரத்துக்கு, அதாவது பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு, போனோம் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் உள்ளே நடைமுறை எல்லா இடத்திலும் ஒன்றேதான். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உள்ளே வரிசை பெரிய தொல்லை இல்லை, ஊழியர்களும் மோசமில்லை. ஆளைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் பெயர்தான், அதுவும் நம் ஊர் இனிஷியல்.

1. படிவத்தைத் திறக்கும் முன் பெயரை முடிவு செய்யுங்கள்

பாஸ்போர்ட் படிவத்தில் இனிஷியல் போட முடியாது. "எஸ். முருகன்" என்று வாழ்நாள் முழுக்க எழுதியிருந்தாலும் அந்த எஸ் என்பதை விரித்துத்தான் எழுத வேண்டும். படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும், ஒன்று Given Name, இன்னொன்று Surname. முதல் கட்டத்தில் உங்கள் பெயர், இரண்டாவதில் அப்பா பெயர். நம் ஊரில் பெரும்பாலோர் செய்வது இதுதான். இரண்டாவது கட்டத்தைக் காலியாக விடவும் படிவம் அனுமதிக்கும். விடாதீர்கள். கவுன்ட்டரில் யாரும் தடுக்க மாட்டார்கள், தொல்லை பின்னால்தான் வரும். ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசாவில் உங்கள் பெயரை குடும்பப் பெயராகப் போட்டுவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், முதல் பெயர் தெரியவில்லை என்ற பொருளில், FNU என்று அச்சடித்துத் தருவார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவித்து, அப்புறம் பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சரி என்று தளர்த்தியது. இப்போதே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிட்டால் இந்த அவதியே இல்லை.

சரி, விரித்து எழுதினால் போதுமா என்றால் இல்லை. எந்த எழுத்துக்கூட்டலில் விரிக்கிறீர்கள் என்பதில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். தம்பியின் கதையைச் சொல்கிறேன், பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் MURUGAN S. பள்ளி மாற்றுச் சான்றிதழில், அதாவது டிசியில், அப்பா பெயர் SHANMUGAM. ஆதாரில் Murugan Shanmugham, நடுவில் ஒரு h கூடுதல், ஏதோ ஒரு முகாமில் யாரோ தட்டச்சு செய்தது. பான் கார்டில் MURUGAN SHANMUGAM, ஏனென்றால் பான் கார்டிலும் இனிஷியலை விரித்தாக வேண்டும். நான்கு தாள்களில் மூன்று ஒத்துப்போகின்றன, ஒன்று போகவில்லை. வீட்டில் எல்லாருக்கும் இது ஒரே பெயர்தான். கவுன்ட்டரில் இருப்பவருக்கு இது இரண்டு பெயர்.

அதனால் படிவத்துக்கு முன் ஒரு வேலை. இருக்கிற எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, ஒரு தாளில் ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி நான்கையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதிப் பாருங்கள். எது தனியாக நிற்கிறதோ அதைத் திருத்த வேண்டும். பள்ளிச் சான்றிதழைத் திருத்துவது பெரும்பாடு, ஆதாரைத் திருத்துவது சுலபம். ஆகவே பள்ளிச் சான்றிதழில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அதற்கு இழுங்கள். ஆதாரில் பெயர் திருத்தக் கட்டணம் முன்பு 50 ரூபாயாக இருந்தது, 2025 அக்டோபரிலிருந்து 75. தம்பி பான் கார்டைக் காட்டித் திருத்திக்கொண்டான். திருத்தம் பதிவாக ஒரு மாதம் வரை பிடிக்கலாம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், எனவே மையத்தில் ஒப்புகைச் சீட்டை வாங்கும்போதே அதிலுள்ள எழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டு நகருங்கள்.

2. என்னென்ன தாள்கள்

முதல் பாஸ்போர்ட், சாதாரண முறை, பதினெட்டு வயது தாண்டியவர் என்றால் அடிப்படையில் மூன்று விஷயங்களை நிரூபிக்கிறீர்கள்: பிறந்த தேதி, இப்போது குடியிருக்கும் முகவரி, பத்தாவது தேறியது.

பிறந்த தேதிக்கு பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றில் ஒன்று போதும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கு மட்டும் பிறப்புச் சான்றிதழைத் தவிர வேறு எதுவும் செல்லாது. அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழும் கிடையாது, பள்ளிக்கூடமும் போனதில்லை. பான் கார்டில் இருந்த தேதியை வைத்தே வேலை முடிந்தது. ஆதாரிலும் அதே தேதி இருந்ததால் கேள்வி வரவில்லை. வயதானவர்கள் பலருக்கு ஆதாரில் வெறும் வருடம் மட்டும் இருக்கும். அதை முன்பே பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

முகவரிக்கு ஆதார் இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் ஆதாரில் சொந்த ஊர் முகவரியும் நீங்கள் இருப்பது சென்னையில் வாடகை வீட்டிலுமாக இருந்தால் நன்றாக யோசியுங்கள், ஏனென்றால் படிவத்தில் எந்த முகவரியைத் தற்போதைய முகவரி என்று எழுதுகிறீர்களோ அங்கேதான் போலீஸ் விசாரணை நடக்கும், தபாலும் அங்கேதான் வரும். வாடகை ஒப்பந்தம், இப்போதும் பயன்பாட்டில் இருக்கும் வங்கிக் கணக்கின் புகைப்படம் ஒட்டிய புத்தகம், மின்கட்டண ரசீது, வாக்காளர் அட்டை எல்லாம் பட்டியலில் உண்டு. நிஜமாக எங்கே இருக்கிறீர்களோ அதையே எழுதுங்கள்.

பத்தாவது தேறிய சான்றிதழைப் பலர் தேவையில்லை என்று வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். அது இல்லையென்றால் பாஸ்போர்ட் கிடைக்காமல் போகாது, ஆனால் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பிரிவில் போட்டுவிடுவார்கள். ஈசிஆர் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பின்னால் பெரிய வேலை வைக்கும். பட்டப்படிப்புச் சான்றிதழ் கையில் இருந்தாலும் பத்தாவது சான்றிதழையும் சேர்த்து எடுத்துப் போங்கள். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அம்மாவிடம் யாரும் படிப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை.

எல்லாவற்றுக்கும் அசல், கூடவே ஏ4 தாளில் ஒரு ஜெராக்ஸ் செட், ஒவ்வொரு தாளிலும் உங்கள் கையெழுத்து. டிஜிலாக்கரில் ஏற்றிவிட்டேன் என்று அசலை விட்டுவிட்டுப் போக நான் சொல்ல மாட்டேன்.

3. விண்ணப்பமும் பணமும்

ஒரே இணையதளம் passportindia.gov.in. அதையே போல இன்னும் சில தளங்கள் தேடலில் மேலே வரும், அப்பாயிண்ட்மெண்ட் கட்டணம் என்று பெரிய தொகை கேட்கும். முகவரி gov.in என்று முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2000. அறுபது வயது தாண்டியவர்களுக்கும் எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் புதிய பாஸ்போர்ட்டில் பத்து சதவீதம் தள்ளுபடி, அம்மாவுக்கு 1350 ஆனது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 1000. தட்கல் வேண்டுமென்றால் இதற்கு மேல் 2000, ஆவணமும் கூடுதலாகக் கேட்பார்கள். விசா தேதி கழுத்தை நெரிக்கவில்லை என்றால் தட்கல் தேவையில்லை என்பது என் எண்ணம். தட்கலில் போட்டாலும் பெயர்க் குழப்பம் இருந்தால் அதே இடத்தில்தான் நிற்பீர்கள், 2000 ரூபாய் அதற்கு மருந்து இல்லை.

பணம் கட்டினால்தான் அப்பாயிண்ட்மெண்ட் பதிவு செய்ய முடியும். முதல் அப்பாயிண்ட்மெண்ட் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மூன்று முறை வரைதான் வாய்ப்பு. அதனால் ஆதார் திருத்தம் முடியும் முன்பே அவசரப்பட்டு ஒரு தேதியைப் பிடித்து வைக்காதீர்கள்.

எங்கே பதிவு செய்வது? தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை என்று நான்கு மண்டல அலுவலகங்கள், அவற்றின் கீழே சேவா கேந்திரங்கள். இவை தவிர வேலூர், சேலம் போன்ற ஊர்களில் தலைமைத் தபால் நிலையத்திலேயே ஒரு சிறிய மையம் இருக்கும். தபால் நிலைய மையம் வீட்டுக்குப் பக்கம், கூட்டம் குறைவு, வயதானவர்களுக்கு வசதி. ஒரே குறை, இறுதி ஒப்புதல் தரும் அதிகாரி அங்கே இருக்க மாட்டார், கோப்பு மண்டல அலுவலகத்துக்குப் போய்த்தான் முடிவாகும். ஏதாவது சந்தேகம் வந்தால் நேரில் பேசித் தீர்க்க வழியில்லை. தாள்கள் சுத்தமாக இருந்தால் தபால் நிலையம், கொஞ்சம் இடறல் இருந்தால் சேவா கேந்திரம். நான் இப்படித்தான் பிரிப்பேன்.

4. வாசலில்

அப்பாயிண்ட்மெண்ட் நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னால்தான் உள்ளே விடுவார்கள். இரண்டு மணி நேரம் முன்பே போனால் வெயிலில் நிற்பீர்கள், அவ்வளவுதான். வாசலில் கைபேசியில் வந்த குறுஞ்செய்தியைக் காட்டினால் போதும், அச்சிட்ட தாள் கட்டாயமில்லை. கூட வருபவர்களை உள்ளே விடுவதில்லை. குழந்தைகளுக்குப் பெற்றோர், வயதானவர்களுக்குத் துணைக்கு ஒருவர் என்றால் விடுகிறார்கள், அம்மாவுடன் என்னை விட்டார்கள்.

வெளியே ஜெராக்ஸ் கடை அருகில் சில பேர் "டாக்குமென்ட் செக் பண்ணித் தரேன் சார்" என்று வருவார்கள். அவர்கள் செய்வது ஒன்றுமில்லை. உள்ளே நுழைந்ததும் முதல் மேசையில் அதே சரிபார்ப்பை ஊழியரே இலவசமாகச் செய்து டோக்கன் தருகிறார், தாள் குறைந்தால் அங்கேயே சொல்லிவிடுகிறார்.

உடை விஷயம் ஒன்று. புகைப்படம் உள்ளேதான் எடுப்பார்கள், பின்னணி வெள்ளை. வெள்ளைச் சட்டை போட்டுப் போனால் தலை மட்டும் தனியாகத் தெரியும். நல்ல அடர் நிறத்தில் போட்டுப் போங்கள்.

5. ஏ, பி, சி: மூன்று கவுன்ட்டர்கள்

டோக்கன் எண்ணைத் திரையில் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும். முதலில் ஏ. இங்கே இருப்பவர்கள் டிசிஎஸ் நிறுவன ஊழியர்கள், பெரும்பாலும் இளைஞர்கள். புகைப்படம், கைரேகை, ஆவணங்களை ஸ்கேன் செய்வது எல்லாம் இவர்கள் வேலை. தம்பிக்கும் அம்மாவுக்கும் உட்கார்ந்த இருவருமே பொறுமையாகத்தான் பேசினார்கள். அம்மாவின் விரல் ரேகை தேய்ந்து போயிருந்ததால் கருவியில் பதியவில்லை, துடைத்துத் துடைத்துத் திரும்ப வைக்கச் சொன்னார்கள், முகம் சுளிக்கவில்லை.

இந்த ஏ கவுன்ட்டரில் உங்கள் பக்கம் திரும்பிய ஒரு திரை இருக்கும். அதில் பாஸ்போர்ட்டில் அச்சாகப் போகும் விவரங்கள் ஓடும். ஊழியர் "சரியா பாத்துக்குங்க" என்பார். நிஜமாகவே பாருங்கள், அவசரப்படாதீர்கள், பின்னால் நிற்பவர் உச்சுக் கொட்டினாலும் கவலைப்படாதீர்கள். பெயரின் எழுத்துகள், அப்பா அம்மா பெயர், பிறந்த ஊர், வீட்டு எண், பின்கோடு. இங்கே கண்ட பிழையை அவரே மாற்றித் தருவார். அச்சாகி வந்தபின் கண்டால் மறுபடி விண்ணப்பம், மறுபடி அலைச்சல்.

அடுத்து பி. இவர் அரசு அதிகாரி, அசல் ஆவணங்களைக் கையில் வாங்கிப் பார்ப்பவர். வரிசை அதிகம் தேங்குவதும் இங்கேதான். தம்பியை முதலில் திருப்பி அனுப்பியதும் இவர்தான். ஆதாரில் h இருக்கிறது, டிசியில் இல்லை, எது சரி என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதான் சார் என்ற பதில் அவருக்குப் போதவில்லை. அப்போது எனக்குக் கோபம் வந்தது, இப்போது வரவில்லை. எந்த ஆவணத்தைத் திருத்திக்கொண்டு வர வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார், அது சரியான பதிலாகவும் இருந்தது. என் குறை ஒன்றுதான்: இதை டோக்கன் தரும் மேசையிலேயே சொல்லியிருக்கலாம். அங்கே தாள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள், தாளில் உள்ள எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதில்லை. அந்த வேலையை நீங்கள்தான் வீட்டில் செய்துகொண்டு போக வேண்டும்.

பி கவுன்ட்டரில் பேசும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேட்டதற்கு மட்டும் பதில், கேட்ட தாளை மட்டும் நீட்டுவது நல்லது. கையில் இருக்கும் எல்லாவற்றையும் கொட்டினால், தேவையே இல்லாத ஒரு பழைய அட்டையில் பெயர் வேறாக இருந்து அதிலிருந்து ஒரு கேள்வி முளைக்கும்.

கடைசியாக சி. ஒப்புதல் தரும் அதிகாரி. எங்கள் அனுபவத்தில் இரண்டு மூன்று கேள்விகளோடு முடிந்தது: என்ன வேலை, எதற்குப் பாஸ்போர்ட், வழக்கு ஏதும் உண்டா. வெளியே வரும் கவுன்ட்டரில் ஒரு கடிதம் தருவார்கள். அதில் கோப்பு எண்ணும், விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் இருக்கும். நிறுத்தி வைத்திருந்தால் காரணமும் இருக்கும். "ஏதோ டாக்குமென்ட் கேட்டாங்க" என்று வீட்டில் போய்ச் சொல்லாமல், அந்த வரியை அங்கேயே படித்து, புரியவில்லை என்றால் அங்கேயே கேட்டுவிடுங்கள். வாசலைத் தாண்டிவிட்டால் விளக்கம் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம்.

தாள் எல்லாம் சரியாக இருந்த அம்மாவுக்கு உள்ளே போய் வெளியே வர ஒரு சினிமா இடைவேளை வரை ஆகும் நேரம்தான் ஆனது. ஆனாலும் அரை நாள் விடுப்பு என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

6. போலீஸ் விசாரணை

இதற்குப் பாஸ்போர்ட் அலுவலகம் பொறுப்பில்லை, உங்கள் பகுதிக் காவல் நிலையம்தான். வீட்டுக்கு வருவார்கள், அல்லது போன் செய்து நிலையத்துக்கு வரச் சொல்வார்கள். அசல் ஆவணங்கள், ஒரு ஜெராக்ஸ் செட், புகைப்படம் தயாராக இருக்கட்டும். உங்களைத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். படிவத்தில் கொடுத்த கைபேசி எண்ணில் தெரியாத அழைப்பு வந்தால் அந்த நாட்களில் மட்டும் எடுத்துவிடுங்கள். ஆள் முகவரியில் இல்லை என்று அறிக்கை போனால் கோப்பு அப்படியே நின்றுவிடும், அதைத் திரும்ப ஓட வைப்பது பி கவுன்ட்டரை விடக் கடினம்.

இந்த விசாரணைக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. 1500 ரூபாயோடு உங்கள் செலவு முடிந்தது. யாராவது பணம் எதிர்பார்த்தால், மென்மையாக, "கட்டணம் இருந்தா ரசீது குடுங்க சார், கட்டிடறேன்" என்று கேட்டால் பேச்சு அங்கே முடிந்துவிடுகிறது.

7. தபால் வரும் வரை

இணையதளத்தில் Track Application Status என்ற பகுதியில் கோப்பு எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் நிலவரம் தெரியும். போலீஸ் அறிக்கை போயும் நீண்ட நாள் நகரவில்லை என்றால் 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். அச்சாகிவிட்டால் விரைவுத் தபாலில் வரும், தபால்காரர் அடையாள அட்டை பார்த்து உரியவர் கையில்தான் கொடுப்பார். வெளியூர் போகும் திட்டம் இருந்தால் உங்கள் தபால் நிலையத்தில் முன்பே சொல்லி வையுங்கள். உறையைப் பிரித்ததும் முதல் பக்கத்தில் உங்கள் பெயரையும், கடைசிப் பக்கத்தில் அப்பா அம்மா பெயரையும் முகவரியையும், ஏ கவுன்ட்டர் திரையில் பார்த்தீர்களே, அதே போல ஒரு முறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அப்புறம் பீரோவில் வையுங்கள்.